2 நாள் சேல், 14 நாள் பள்ளம்

ஆன்லைனில் பொருள் விற்கும் சிறு நிறுவனங்களில் சேல் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை காலை எல்லோரும் டேஷ்போர்டைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். வழக்கமாக நாளுக்கு 40 ஆர்டர் வரும் இடத்தில் 160 வந்திருக்கும். அந்தக் கோபுரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். அடுத்த திங்கட்கிழமை அதே வரைபடத்தைப் பார்க்க யாருக்கும் மனம் வராது. நாளுக்கு 26 ஆர்டர்தான் வந்திருக்கும். "சீசன் டல்" என்பார்கள், "ஆட் சரியா ஓடலை" என்பார்கள். கோபுரத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள உறவைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

ஃபிளாஷ் சேல் எனப்படும் இந்தக் குறுகிய காலத் தள்ளுபடியில் மூன்று வேலைகள் உண்டு. நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று காட்டும் விளம்பரங்களைத் தயாரிப்பது ஒன்று. சில நாட்களுக்கு மட்டும் விளம்பரப் பணத்தைக் கொட்டுவது இன்னொன்று. முடிந்தபின் வரும் சரிவைத் தாங்குவது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் ஏஜென்சிக்காரர்கள் அழகான பிளான் கொடுப்பார்கள். மூன்றாவதற்குப் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. ஆனால் லாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானிப்பது அதுதான்.

கணக்குக்காக ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். கரூரிலிருந்து படுக்கை விரிப்பு, துண்டு எல்லாம் தன் இணையதளத்தில் நேரடியாக விற்கும் கடை. ஒரு விரிப்பு செட் 1,200 ரூபாய். சரக்கின் அடக்கம் 600, பேக்கிங்கும் கூரியரும் 120. ஆக ஓர் ஆர்டருக்கு 480 ரூபாய் மிஞ்சும், விளம்பரச் செலவு அதிலிருந்துதான். நாளுக்கு 40 ஆர்டர், விளம்பரத்துக்கு 8,000 ரூபாய். ஜிஎஸ்டி, ரிட்டர்ன் எல்லாவற்றையும் இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம்.

பிப்ரவரி முதல் வாரம், சம்பளம் போட்ட கையோடு சனி, ஞாயிறு இரண்டு நாளும் எல்லாவற்றுக்கும் 20 சதவீதத் தள்ளுபடி என்று கடைக்காரர் முடிவு செய்கிறார். 1,200 ரூபாய் செட் 960-க்கு வருகிறது. 20 சதவீதம் என்பது கேட்க அடக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடக்கமும் கூரியரும் குறையவில்லையே. மிஞ்சிய 480 இப்போது 240. விலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்ததற்கு லாபத்தில் சரிபாதி போய்விட்டது. பழைய லாபத்தை எட்டவே இரண்டு மடங்கு விற்க வேண்டும், அதுவும் விளம்பரச் செலவைக் கூட்டாமல்.

அவர் ஐந்து நாட்களுக்கு முன்பே "சனிக்கிழமை பெரிய ஆஃபர், காத்திருங்கள்" என்று அறிவிக்கிறார். மக்களும் சொன்னபடி காத்திருக்கிறார்கள். அந்த ஐந்து நாளில் நாளுக்கு 34 ஆர்டர்தான். சேல் நாட்களில் 160 வீதம் 320. அதற்கடுத்த வாரம் 26, அதற்கும் அடுத்த வாரம் 35. விளம்பரத்துக்கு முன்நாட்களில் தினம் 10,000, சேல் நாட்களில் 25,000, பிறகு பழைய 8,000. இந்த 21 நாட்களையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தம் 917 ஆர்டர். சேலே நடத்தாமல் இருந்திருந்தால் 840 ஆர்டர். 77 ஆர்டர் கூடுதல்தான், சந்தேகமில்லை. ஆனால் விளம்பரச் செலவு போக மிஞ்சியது சுமார் 1,51,000 ரூபாய். சும்மா இருந்திருந்தால் 2,35,000 மிஞ்சியிருக்கும். கோபுரம் கட்டியதற்கான கூலி ஏறக்குறைய 84,000 ரூபாய்.

எல்லாக் கடைக்கும் இப்படித்தான் ஆகும் என்பதில்லை. மார்ஜின் அதிகமுள்ள பொருளென்றால் கணக்கு மாறும். சேலில் முதல்முறை வந்தவர்கள் பிறகு முழு விலைக்குத் திரும்பி வந்து வாங்கினாலும் மாறும். ஆனால் இரண்டு நாள் வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த 84,000 கண்ணிலேயே படாது.

பள்ளம் என்று பொதுவாகச் சொன்னாலும், அதற்குள் மூன்று வெவ்வேறு சமாசாரங்கள் கலந்திருக்கின்றன. முதலாவது, அடுத்த வாரம் வாங்கவிருந்தவர் இந்த வாரமே வாங்கிவிடுவது. விரிப்பு, டிடர்ஜென்ட், டயப்பர் போல வாங்கி அடுக்கிவைக்கக் கூடிய பொருளுக்கு இது அதிகம். நாளைக்குள் கெட்டுப்போகும் கேக்குக்குக் குறைவு. இரண்டாவது, விளம்பர மென்பொருள் குழம்பிப்போவது. மூன்றாவது, வாடிக்கையாளர் மனதில் 960 ரூபாய்தான் உண்மையான விலை என்று பதிந்துவிடுவது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. அதனால் எது நடந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

விளம்பரத்துக்கான செலவு மாறாமல், தளத்துக்கு வருகிறவர்கள் மட்டும் குறைந்திருந்தால் மென்பொருள் மீது சந்தேகப்படலாம். ஒரு கிளிக்குக்கு அது கூடுதல் விலை கொடுத்துக்கொண்டிருக்கும். வருகிறவர்கள் அதே அளவு, பொருளைக் கார்ட்டில் போடுவதும் குறைவு என்றால், அவர்களுக்கு இப்போது தேவை இல்லை, தேவை முன்கூட்டியே தீர்ந்துவிட்டது. வருகிறார்கள், கார்ட்டில் போடுகிறார்கள், ஆனால் பணம் கட்டாமல் போய்விடுகிறார்கள் என்றால் அதுதான் மோசமான நிலை. அடுத்த சேலுக்குக் காத்திருக்கிறார்கள். கடையின் பெயரோடு "ஆஃபர்", "கூப்பன்" என்று சேர்த்துக் கூகுளில் தேடுவது கூடியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். கூடியிருந்தால் நோய் உறுதி.

அந்த மூன்றாவது நோய் எவ்வளவு ஆழமாக வேரோடும் என்பதற்கு அமெரிக்காவின் ஜே.சி.பென்னி கடைகள் சாட்சி. வருடக்கணக்காகக் கூப்பன், தள்ளுபடி என்றே ஓடிய நிறுவனம் அது. ஆப்பிள் கடைகளை வளர்த்தெடுத்த ரான் ஜான்சன் அதன் தலைமைக்கு வந்து, 2012-ல் கூப்பன்களை ஒழித்துவிட்டு நாள்தோறும் நியாய விலை என்று அறிவித்தார். விலை உண்மையில் குறைந்துதான் இருந்தது. ஆனாலும் அந்த ஆண்டில் விற்பனை சுமார் 1,700 கோடி டாலரிலிருந்து 1,300 கோடி டாலருக்கு விழுந்தது. 2013 ஏப்ரலில் ஜான்சன் வெளியேற்றப்பட்டார். தள்ளுபடிக்குப் பழக்கிவிட்ட வாடிக்கையாளரிடம் நியாய விலை எடுபடவில்லை.

நம் ஊர் ஆடித் தள்ளுபடியை இதோடு சேர்த்து எண்ணக்கூடாது. ஆடியில் கல்யாணம் இல்லை, விற்பனை தானாகவே படுத்துவிடும், சரக்கும் தேங்கும். ஏற்கெனவே இருக்கும் பள்ளத்தில் மண் போடுகிற வேலை அது. ஃபிளாஷ் சேல் சமதரையில் தோண்டி மேடு எழுப்புவது. ஆகவே சேல் வைக்கும் தேதியைத் தேர்ந்தெடுக்கும்போதே, நம் கடையின் இரண்டு வருடக் கணக்கை விரித்துவைத்து, எந்த வாரம் இயல்பாகவே மந்தம் என்று பார்ப்பது நல்லது. பண்டிகைக்கு முன் வாரம் முழு விலைக்கே போகிற சரக்கு. அதைத் தள்ளுபடியில் தள்ளுவது, வந்த லட்சுமியை வாசலில் நிறுத்திப் பேரம் பேசுவதுதான்.

சரி, சேல் நடத்தியே தீருவது என்று முடிவாகிவிட்டால், முதலில் மாற்ற வேண்டியது ஆஃபரின் வடிவம். நம் கரூர்க் கடைக்காரர் எல்லாவற்றுக்கும் 20 சதவீதம் என்பதை விட்டுவிட்டு, விரிப்போடு குளியல் துண்டு செட்டும் சேர்த்து வாங்கினால் 15 சதவீதம் என்று வைக்கிறார் என்போம். துண்டு 700 ரூபாய், அடக்கம் 330. இரண்டும் சேர்ந்து 1,900 ரூபாய், தள்ளுபடி போக 1,615. அடக்கம் 930, ஒரே பெட்டியாகப் போவதால் கூரியர் 150. மிஞ்சுவது 535. தள்ளுபடி கொடுத்தும் ஓர் ஆர்டருக்கு வழக்கத்தைவிட 55 ரூபாய் கூடுதல். தனி விரிப்பின் விலையும் தொடப்படவில்லை, அதனால் வாடிக்கையாளர் மனதில் 1,200 அப்படியே நிற்கிறது. துண்டுக்குப் பதிலாக இன்னொரு விரிப்பையே சேர்த்திருந்தால் அடுத்த மாத விற்பனையையும் இன்றே தின்றிருப்போம். வேறு பொருளைச் சேர்ப்பதன் சூட்சுமம் அதுதான்.

இனி, நேரத்தைக் காட்டும் விளம்பரங்கள். "இன்னும் 24 மணி நேரமே" என்று எழுதிய படத்தை இன்ஸ்டாகிராமில் ஓடவிட்டால், அது எந்த மணிக்கு யார் கண்ணில் படும் என்பது நம் கையில் இல்லை. 24 மணி நேரம் என்று படித்தவர் உள்ளே வந்து பார்க்கும்போது மூன்று மணி நேரம்தான் மிச்சம் இருக்கும், அல்லது சேலே முடிந்திருக்கும். ஆகவே நிலையான படங்களில் மீதி நேரத்தை எழுதாமல், முடியும் நேரத்தை எழுத வேண்டும். "ஞாயிறு இரவு 11:59 வரை" என்பது சனிக்கிழமையும் உண்மை, ஞாயிறு மாலையும் உண்மை. "நாளை ஆரம்பம்", "இன்றும் நாளையும்", "இன்றிரவோடு முடிகிறது" என்று மூன்று படங்களை முன்கூட்டியே தயாரித்து, ஒவ்வொன்றுக்கும் தொடங்கும் நேரமும் நிற்கும் நேரமும் குறித்துவைத்துவிட வேண்டும். மெட்டாவும் கூகுளும் ஒவ்வொரு விளம்பரத்தையும் பரிசீலித்துத்தான் அனுமதிக்கும், அதற்கு ஒரு நாள்கூட ஆகலாம். சனிக்கிழமை காலை படத்தை ஏற்றிவிட்டு ஞாயிறு வரை காத்திருக்கிற கடைகள் உண்டு. இரண்டு நாள் சேலில் ஒரு நாள் அப்படியே போய்விடும்.

கூகுள் தேடல் விளம்பரத்தில் கடிகாரம் தானாக ஓடும் வசதி இருக்கிறது. விளம்பர வரியை எழுதும்போது { என்ற அடைப்புக்குறியை அடித்தால் ஒரு பட்டியல் விரியும், அதில் Countdown என்பதைத் தேர்ந்தெடுத்து முடியும் நேரத்தைக் கொடுத்தால் போதும். நாள், மணி, நிமிடம் என்று அதுவே குறைத்துக்கொண்டு வரும். நேரம் முடிந்ததும் அந்த வரி காட்டப்படாது. நேரக் கணக்குக்கு விளம்பரக் கணக்கின் நேர மண்டலமா, பார்ப்பவரின் நேர மண்டலமா என்றும் அங்கேயே கேட்கும். சிங்கப்பூரிலும் துபாயிலும் வாடிக்கையாளர் இருக்கிற கடை இதைக் கவனிக்காவிட்டால் சிங்கப்பூர்க்காரருக்கு இரண்டரை மணி நேரம் பிசகும்.

மின்னஞ்சலில் ஓடும் கடிகாரப் படம்தான் எனக்கு நம்பிக்கையில்லாத பொருள். அஞ்சலைத் திறக்கிற நொடியில் சர்வர் ஒரு அசையும் படத்தைச் செய்து அனுப்புவதுதான் அந்தக் கடிகாரம். ஆனால் ஆப்பிள் மெயிலில் 2021-ல் வந்த தனியுரிமைப் பாதுகாப்பு, வாசகர் திறக்கும் முன்பே படங்களை இறக்கி வைத்துக்கொள்கிறது. காலையில் இறக்கிய கடிகாரத்தை அவர் இரவில் பார்க்கிறார். கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய அவுட்லுக்கில் முதல் பிரேம் மட்டும் உறைந்து நிற்கும். மின்னஞ்சலிலும் "ஞாயிறு இரவு 11:59" என்று எழுத்தில் போடுவதே பத்திரம். குறுஞ்செய்தி அனுப்புவதானால் வாசகமும் அதிலுள்ள இணைய முகவரியும் டிஎல்டி பதிவில் முன்பே ஏற்கப்பட்டிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் செய்தி போகாது.

கடிகாரம் உண்மையாக ஓட வேண்டிய இடம் கடையின் சொந்தத் தளம். அங்கே அது சர்வரின் நேரத்தைப் பார்த்து ஓட வேண்டும், பார்ப்பவரின் போன் நேரத்தை அல்ல. பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடி 15 நிமிடத்திலிருந்து ஆரம்பிக்கிற பொய்க் கடிகாரங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது சட்டப்படியும் தப்பு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டுதல்கள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. பட்டியலில் முதலில் இருப்பதே பொய்யான அவசரத்தைக் காட்டுவது. "மக்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க இரண்டு நாள் நீட்டிப்பு" என்பது அந்த வரையறைக்குள் வருகிறதோ இல்லையோ, வியாபாரத்துக்குக் கெடுதல். ஞாயிறு இரவு அவசரமாக வாங்கியவர் ஏமாந்தவராகிறார், வாங்காதவர் புத்திசாலியாகிறார். அடுத்த முறை உங்கள் கடிகாரத்தை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

பணத்தைக் கொட்டும் வேலைக்கு வருவோம். சேல் விற்பனை இரண்டு நாளும் சீராக வராது. திறந்த முதல் சில மணி நேரத்தில் ஒரு கூட்டம், முடிவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் அதைவிடப் பெரிய கூட்டம், நடுவில் தொய்வு. அந்தத் தொய்வில் பதற்றப்பட்டுப் பட்ஜெட்டை ஏற்றிவிடுவதுதான் சாதாரணமாக நடக்கிற தவறு. சனிக்கிழமை இரவுக்குள் பணம் தீர்ந்து, ஞாயிறு மாலை எல்லோரும் வாங்கத் துடிக்கும் நேரத்தில் விளம்பரம் நின்றுபோயிருக்கும். 40,000 ரூபாய் இருந்தால் பாதியையாவது ஞாயிற்றுக்கிழமைக்கு, அதிலும் மாலைக்கு ஒதுக்கிவைக்கச் சொல்வேன். கூகுளில் நாள் பட்ஜெட் என்பது சராசரிதான். ஒரு நாளில் அதன் இரண்டு மடங்கு வரை அது செலவழிக்கலாம், மாதக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளும். 20,000 என்று எழுதினால் அன்று 40,000 வரை போக இடமுண்டு என்பது தெரிந்திருக்க வேண்டும்.

மெட்டாவில் இன்னொரு சிக்கல். அங்கே ஒரு விளம்பரத் தொகுதி யாருக்குக் காட்டினால் விற்கும் என்று கற்றுக்கொள்ள வாரத்துக்குச் சுமார் 50 விற்பனை தேவை. ஓடிக்கொண்டிருக்கிற தொகுதியில் பட்ஜெட்டைத் திடீரென்று மூன்று மடங்காக்கினாலும், படத்தை மாற்றினாலும் அது மறுபடி முதலிலிருந்து கற்கத் தொடங்கும். சேல் முடிந்து பட்ஜெட்டைக் குறைத்தால் இன்னொரு முறை. பள்ளத்தில் ஒரு பங்கு இப்படி நாமே வெட்டியது. ஆகவே வழக்கமாக ஓடும் விளம்பரத்தைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு, சேலுக்கென்று தனியாக ஒரு கேம்பெய்ன் போட வேண்டும். ஏற்கெனவே தளத்துக்கு வந்துபோனவர்கள், கார்ட்டில் போட்டுவிட்டு விட்டுப்போனவர்கள், பழைய வாடிக்கையாளர்கள் ஆகியோருக்குத்தான் அதைப் பெருமளவு காட்ட வேண்டும். இரண்டு நாளில் புதியவரைக் கண்டுபிடித்து, நம்பவைத்து, வாங்கவைக்க நேரம் கிடையாது. புதியவரை அழைத்துவரும் வேலையை முந்தைய ஐந்து நாளில், சேலைப் பற்றி மூச்சுவிடாமல், பொருளை மட்டும் காட்டிச் செய்ய வேண்டும். சேல் அறிவிப்பு முந்தின நாள் போதும். முன்பே தண்டோரா போட்டால் வார விற்பனை நின்றுவிடும் என்பதைக் கணக்கிலேயே பார்த்தோம்.

கூகுளின் தானியங்கி ஏல முறைக்கு வேறொரு மருந்து. நூறு பேர் வந்தால் இரண்டு பேர் வாங்குவார்கள் என்று அது பழகியிருக்கிறது. சேலில் மூன்று பேர் வாங்குகிறார்கள். அது இதைத் தாமதமாகப் புரிந்துகொண்டு விலையை ஏற்றும்போது சேல் முடியும் தறுவாயில் இருக்கும். பிறகு திங்கள், செவ்வாயிலும் மூன்று பேர் வாங்குவார்கள் என்ற நினைப்பில் அதிக விலைக்கு ஏலம் கேட்டுக்கொண்டிருக்கும். இதற்காகவே Seasonality adjustments என்று ஒரு வசதி இருக்கிறது. சனி காலை 10 முதல் ஞாயிறு இரவு 12 வரை வாங்கும் விகிதம் 50 சதவீதம் கூடும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டால் உடனே ஏற்றும், நேரம் முடிந்ததும் இறக்கிக்கொள்ளும். ஒன்று முதல் ஏழு நாள் வரையான நிகழ்வுகளுக்கே இது பொருந்தும் என்றும், 14 நாளுக்கு மேல் சரிவராது என்றும் கூகுளே சொல்கிறது. அந்த 50 சதவீதத்தை ஊகத்தில் போடக்கூடாது. முந்தைய சேலின் கணக்கு இருந்தால் அதிலிருந்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் குறைத்தே போட வேண்டும், ஏனென்றால் கூட்டிச் சொன்னால் அது கேள்வி கேட்காமல் செலவழிக்கும். இதே இடத்தில் Data exclusions என்ற இன்னொரு வசதி கண்ணில் படும். விற்பனைப் பதிவு கோளாறான நாட்களை நீக்குவதற்கானது அது. சேல் நாட்களுக்குப் பயன்படுத்தும் பழக்கம் சிலருக்கு உண்டு. கூடாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கடை கவிழ இன்னொரு வழி இருக்கிறது. 2014 அக்டோபர் 6 அன்று ஃபிளிப்கார்ட் தன் முதல் பிக் பில்லியன் டே நடத்தியபோது தளம் தடுமாறியது, சரக்கு நொடிகளில் தீர்ந்தது, சேலுக்காக விலையை ஏற்றி இறக்கிக் காட்டியதாகப் புகார் கிளம்பியது. மறுநாள் நிறுவனர்கள் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பினார்கள். பத்து மணி நேரத்தில் 10 கோடி டாலர் விற்ற நிறுவனமே அப்படி என்றால், நாளுக்கு 40 பெட்டி கட்டுகிற கடை ஒரே நாளில் நூற்றுக்கும் மேல் கட்ட வேண்டி வந்தால் என்ன ஆகும்? செவ்வாய்க்கிழமை வந்திருக்க வேண்டிய பார்சல் சனிக்கிழமை வரும். கேஷ் ஆன் டெலிவரி என்றால் அதற்குள் மனசு மாறித் திருப்பி அனுப்புவார், போகவர கூரியர் செலவு கடையின் தலையில். ஒன்று, இரண்டு நட்சத்திர ரிவ்யூக்கள் அந்த வாரம்தான் வந்து விழும். பள்ளத்தில் அதுவும் சேர்ந்துகொள்ளும். பெட்டி கட்ட எத்தனை கை இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் விளம்பரப் பணத்தைத் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலான பிளான்களில் இது தலைகீழாக நடக்கிறது.

திங்கட்கிழமை விடிந்ததும் செய்ய வேண்டியவை சேலுக்கு முன்பே எழுதிவைக்கப்பட்டிருக்க வேண்டும். முதலில், வாங்கியவர்கள் அத்தனை பேரையும் விளம்பரப் பட்டியலிலிருந்து நீக்குவது. நேற்றுத் துண்டு வாங்கியவருக்கு இன்று அதே துண்டை முழு விலையில் காட்டுவது பண விரயம். அடுத்து, முதல் வாரத்துக்கு விளம்பரச் செலவை வழக்கத்துக்கும் கீழே, 8,000-லிருந்து 6,000-க்குக் கொண்டுவருவது. தேவையே இல்லாத வாரத்தில் பழைய அளவு செலவழித்தால் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்கும் செலவுதான் எகிறும். மெட்டாவில் ஒரே வெட்டாக வெட்டாமல், இரண்டு மூன்று நாள் இடைவெளியில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சேலில் பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களுக்கு "உங்களுக்காக இன்னொரு வாய்ப்பு" என்று கூப்பன் அனுப்பும் ஆசை வரும். அடக்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பதில், சேலில் இல்லாத ஒரு புது டிசைனை அந்தத் திங்கட்கிழமைக்கென்றே ஒதுக்கிவைத்து முழு விலையில் வெளியிடலாம். விலையைத் தவிரப் பேச வேறு விஷயம் கிடைக்கும். வெள்ளிக்கிழமை முழு விலை கொடுத்து வாங்கி, சனிக்கிழமை ஆஃபரைப் பார்த்து வயிறெரிந்தவர் ஒருவர் போன் செய்வார். அவருக்கு வித்தியாசத்தை அடுத்த ஆர்டருக்கான தொகையாக வரவு வைத்துவிடுவது, அவரோடு வாதாடுவதைவிட மலிவு.

இந்த இரண்டாவது திட்டப்படி கரூர்க் கடையின் 21 நாளை மறுபடி கூட்டிப் பார்ப்போம். முன்நாட்களில் நாளுக்கு 39 ஆர்டர். சேலில் 180 கூட்டுச் செட்டும் 50 தனி விரிப்பும். பிறகு முதல் வாரம் 32, இரண்டாவது வாரம் 38. மொத்தம் 915 ஆர்டர், முதல் திட்டத்தைவிட இரண்டு குறைவு. விளம்பரச் செலவு 2,12,000-லிருந்து 1,83,000-க்கு வந்திருக்கிறது. மிஞ்சுவது சுமார் 2,66,000 ரூபாய். சும்மா இருந்ததைவிட 31,000 கூடுதல், முதல் சேலைவிட 1,15,000 கூடுதல். சேல் நாளின் கோபுரம் மட்டும் 320-லிருந்து 230-ஆகக் குட்டையாகிவிட்டது. ஸ்கிரீன்ஷாட்டுக்கு அவ்வளவு அழகாக இருக்காது.

இந்த எண்கள் நான் போட்டவை. உங்கள் கடைக்கு எவ்வளவு என்று தெரிய ஒரே நம்பகமான வழி, வாடிக்கையாளர் பட்டியலில் பத்தில் ஒருவரைக் குலுக்கலில் எடுத்து, அவர்களுக்கு மட்டும் சேல் பற்றி எந்தச் செய்தியும் அனுப்பாமல் விடுவது. விளம்பரத்திலும் அவர்களை நீக்கிவிட வேண்டும். 21 நாள் முடிந்தபின் இரு தரப்பிலும் தலைக்கு எவ்வளவு லாபம் வந்தது என்று ஒப்பிட்டால், சேலால் உண்மையில் கூடியது எவ்வளவு, முன்பின் நகர்ந்தது எவ்வளவு என்று தெரியும். சின்னக் கடைக்கு இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. பட்டியலில் 12,000 பேர் என்றால் ஒதுக்கியவர்கள் 1,200. அவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் வாங்கினால் 36 ஆர்டர். அந்த 36 வெறும் தற்செயலாகவே 24-க்கும் 48-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். ஒரே சேலை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. இரண்டு மூன்று சேல்களின் கணக்கைச் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் புதிதாகக் குலுக்கி எடுக்க வேண்டும். அதே 1,200 பேரை வருடம் முழுக்க ஒதுக்கிவைத்தால் அவர்கள் உங்கள் கடையையே மறந்திருப்பார்கள்.